போன் அடிக்கவில்லை, ஆனால் அழைப்பு பதிவாகியிருக்கிறது

போன் கையிலேயேதான் இருந்திருக்கும். எடுத்துப் பார்த்தால் நான்கு மிஸ்டு கால். ஒன்றுகூட காதில் விழவில்லை. சைலன்ட்டில் போட்டோமா என்று பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பார்த்தால் சத்தம் முழு அளவில் இருக்கிறது. கூப்பிட்டவரோ, "முழு ரிங் போச்சு, நீங்கதான் எடுக்கலை" என்று சாதிக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இந்தக் கோளாறோடு கடைக்குப் போகிறவர்களில் பலருக்கு ஸ்பீக்கர் மாற்றப்படுகிறது, சிலருக்கு சிம் மாற்றப்படுகிறது, இன்னும் சிலர் போனையே மாற்றிவிடுகிறார்கள். செலவு செய்யும் முன் பார்க்க வேண்டிய இடம் வேறு. போனுக்குள் யாரோ ஒருவர் என்றோ போட்டு வைத்த நேர அட்டவணை அது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கால் லாக்கில் அழைப்பு பதிவாகியிருக்கிறது என்றால், பழுது நெட்வொர்க்கில் இல்லை. டவர் உங்கள் போனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது, சிம் பதில் சொல்லிவிட்டது, அழைப்பு போனுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. சிக்னல் இல்லாமலோ அணைந்தோ இருந்தால், கூப்பிட்டவருக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்ற அறிவிப்புதான் கேட்டிருக்கும். உங்கள் கால் லாக்கிலும் ஒன்றும் இருக்காது. இன்னார் கூப்பிட்டார் என்று கம்பெனியிடமிருந்து எஸ்.எம்.எஸ். மட்டும் வரலாம். எல்லா அழைப்பையும் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் போட்டிருந்தாலும் அழைப்பு உங்கள் போனைத் தொடாமலே போய்விடும். அதனால் மிஸ்டு கால் பதிவைப் பார்த்த உடனே, சந்தேகப் பட்டியலில் பாதி அடிபட்டுப் போகிறது.

மிச்சம் இருப்பது போனுக்குள் நடக்கும் ஒரு சிறிய முடிவு. அழைப்பு வந்ததும் போன் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்கிறது. ஒன்று, யார் எப்போது கூப்பிட்டார் என்பதைக் குறித்துக்கொள்வது. இன்னொன்று, மணியை அடிக்கலாமா என்று தீர்மானிப்பது. வாசலில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை வந்தவர் பெயரை எழுதிக்கொள்வார். உள்ளே குரல் கொடுப்பதா வேண்டாமா என்பது முதலாளி சொல்லிவைத்ததைப் பொறுத்தது. மணி விஷயத்தில் போன் பார்ப்பவை சில: ரிங் சத்தம் பூஜ்யமாக இருக்கிறதா, வைப்ரேட்டில் இருக்கிறதா, கூப்பிடுகிறவருக்குத் தனி ரிங்டோன் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, "தொந்தரவு செய்யாதே" நிலை இப்போது நடப்பில் இருக்கிறதா. திரையில் Do Not Disturb என்று காட்டும் அந்த நிலை நடப்பில் இருந்தால், சத்தம் முழு அளவில் இருந்தாலும் மணி அடிக்காது. கூப்பிட்டவருக்கோ எப்போதும் போல ரிங் போய்க்கொண்டிருக்கும். அழைப்பைப் போன் துண்டிப்பதில்லை, வாயை மட்டும் மூடிக்கொள்கிறது.

இந்த நிலையை நாமே விரலால் தட்டிப் போட்டிருந்தால் நினைவிருக்கும், எடுத்துவிடுவோம். தானாகவே போட்டுக்கொண்டு தானாகவே எடுத்துக்கொள்ளும் அட்டவணைதான் ஆளைக் குழப்புகிறது. மதுரையில் எங்கள் தெருவில் குழாய் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் இது விளங்கும்.

அவருக்குப் போன்தான் கடை. மோட்டார் ஓடவில்லை, டேங்க் வழிகிறது, பைப் உடைந்துவிட்டது என்று ஆட்கள் காலையில்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். பழைய பட்டன் போன் தண்ணீரில் விழுந்ததும், சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன் தன் ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்தான். அதிலிருந்து தொல்லை தொடங்கியது. "தம்பி, வேலைக்குக் கூப்பிட்டா அடிக்க மாட்டேங்குது, வீட்ல கூப்பிட்டா அடிக்குது. திங்கக்கிழமை எல்லாம் ஒழுங்கா இருக்கு. என்ன மாயமோ தெரியல" என்றார். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு மேல் கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். சுத்தமாக அடித்தது. இரண்டாம் முறை போனபோது ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தார்கள். அன்று மாலையும் அடித்தது. மறுநாள் காலையில் மறுபடி ஊமை.

இந்த மாதிரி நேரத்தில் செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் கால் லாக்கைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் நாள், மணி, நிமிடம் எல்லாம் அதில் இருக்கிறது. அதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது. ஒரு தாளில் ஒரு வாரத்து அழைப்புகளை எழுதினோம், எடுத்தவை ஒரு பக்கம், மிஸ்டு கால் ஒரு பக்கம். புதன்கிழமை வரிசை இப்படி இருந்தது. காலை 7:40க்கு வந்ததை எடுத்திருக்கிறார். 8:10 மிஸ்டு. 9:25 மிஸ்டு. அதே எண்ணிலிருந்து 9:27க்கு வந்ததை எடுத்திருக்கிறார். 11:40, 1:05, இரண்டும் மிஸ்டு. 3:20, 6:45, இரண்டும் எடுத்தவை. வியாழன், வெள்ளி, சனி, செவ்வாய் எல்லாம் இதே மாதிரி. காலை எட்டுக்கு முன்னும் மாலை மூன்றுக்குப் பின்னும் வந்தவற்றை எடுத்திருக்கிறார், நடுவில் வந்தவை போய்விட்டன. ஞாயிறும் திங்களும் மட்டும் நாள் முழுக்க ஒழுங்கு.

ஸ்பீக்கர் பழுதானால் கிழமை பார்த்துப் பழுதாகாது. மிஸ்டு கால்கள் ஒரு மணியில் தொடங்கி ஒரு மணியில் நிற்கின்றன என்றால், அது அட்டவணையின் வேலை என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாம். கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் சோதித்த நேரம் அட்டவணை ஓய்வில் இருந்த நேரம். அடிக்காத நேரத்தில் சோதிக்காத சோதனை சோதனையே அல்ல.

அந்த 9:27 அழைப்பு ஏன் அடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலரைத் திசை திருப்புவது இதுதான். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால், அவசரமாக இருக்கலாம் என்று ஆண்ட்ராய்டு அதை மட்டும் அடிக்க விடும். Repeat callers என்ற அந்தச் சலுகை பெரும்பாலும் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். ஐபோனிலும் இது உண்டு, ஆனால் அங்கே இடைவெளி 3 நிமிடம்தான். அண்ணன் வீட்டில் அண்ணி ஒருமுறை எடுக்காவிட்டால் விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார். அதனால்தான் "வீட்ல கூப்பிட்டா அடிக்குது". வேலைக்குக் கூப்பிடுகிறவர் ஒருமுறையோடு நிறுத்திவிடுவார். கூப்பிடும் ஆளைப் பொறுத்துப் போன் நடந்துகொள்வது போலத் தெரிந்தாலும் உண்மையில் எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்பதுதான் கணக்கு.

அடுத்தது அட்டவணையைக் கண்டுபிடிப்பது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் Settings திறந்து, Sound & vibration என்பதற்குள் Do Not Disturb, அதற்குள் Schedules. சாம்சங் போனில் Settings, Notifications, Do not disturb என்ற வழி. மிகப் புதிய ஆண்ட்ராய்டில் இவற்றையெல்லாம் Modes என்ற ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள். வழி மறந்துபோனால் Settings மேலே இருக்கும் தேடல் பெட்டியில் disturb என்று தட்டினாலே போதும், எந்தக் கம்பெனி போனிலும் சரியான இடத்தைக் காட்டும். போனைத் தமிழில் வைத்திருப்பவர்கள் "தொந்தரவு" என்று தேடலாம்.

அந்தப் பக்கத்தில் Sleeping, Event என்று இரண்டு அட்டவணைகள் போன் வாங்கும்போதே இருப்பது வழக்கம். அண்ணன் போனில் இரண்டும் அணைந்திருந்தன. மூன்றாவதாக ஒன்று இருந்தது. Shift sleep என்று பெயர். உள்ளே போனால், செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள், காலை 8:00 முதல் மாலை 3:00 வரை. அக்கா மகனுக்குப் போன் போட்டுக் கேட்டோம். "மாமா, எனக்கு அமெரிக்கா ஷிப்ட்டு. திங்கக்கிழமை ராத்திரி போனா செவ்வாய் காலையிலதான் வருவேன். பகல்லதான தூங்கணும். அதுக்குப் போட்டது" என்றான். கிழமைகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒவ்வொரு காலையும் அதில் இருந்தது.

போனைக் கொடுக்கும்போது தன் கூகுள் கணக்கை எடுத்துவிட்டான், படங்களை அழித்துவிட்டான், மாமாவின் சிம்மைப் போட்டுக் கொடுத்துவிட்டான். ஆனால் இந்த அட்டவணை கணக்கோடு போவதில்லை, சிம்மோடும் போவதில்லை. அது போனிலேயே தங்கும் செட்டிங். முழு ரீசெட் செய்தால் மட்டுமே அழியும். கைமாறி வந்த போனில் இந்தக் கோளாறு அதிகம் தெரிவதற்கு இதுவே காரணம்.

ஒரு முக்கியமான இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். அண்ணனும் நடுவில் ஒருமுறை சரியான பட்டனைத் தொட்டிருக்கிறார். திரையை மேலிருந்து இழுத்தால் வரும் கட்டங்களில் ஒரு வட்டமும் நடுவில் சிறு கோடுமாக ஒரு படம் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதைத் தட்டி அணைத்தான். அன்று மதியம் வரை எல்லா அழைப்பும் அடித்தது. மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி எரிந்தது. அந்தக் கட்டத்தைத் தட்டுவது இன்றைய தவணையை மட்டும் தள்ளி வைக்கும். அட்டவணை அப்படியே உயிரோடு இருக்கும், அடுத்த முறை அதன் நேரம் வந்ததும் தன் வேலையைப் பார்க்கும். போனை அணைத்துப் போட்டாலும் போகாது. "சரியாயிடுச்சு, மறுபடி வந்துடுச்சு" என்று யாராவது சொன்னால், எரிகிற விளக்கை அணைத்திருக்கிறார்கள், ஏற்றிவைப்பதை விட்டுவிட்டார்கள் என்று பொருள். Schedules பக்கத்துக்குள் போய், அந்த அட்டவணையையே நீக்க வேண்டும், அல்லது அதன் சுவிட்சை அணைக்க வேண்டும். நாங்கள் நீக்கினோம். மறுநாள் செவ்வாய், காலை எட்டரைக்கு நான் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

எல்லாருக்கும் அக்கா மகன் கிடையாது. தனக்குத்தானே அட்டவணை போட்டுக்கொண்டு மறந்தவர்களும், தெரியாமல் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அதிகம் நடப்பது ஏ.எம்., பி.எம். பிசகு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை என்று நினைத்துக்கொண்டு, தொடக்கத்தை 10:00 AM என்று வைத்துவிடுவார்கள். போன் எதிர்க்காது. காலை பத்துக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறுக்கு முடியும் இருபது மணி நேர மௌனமாக அதை எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட போன் நாளில் நான்கு மணி நேரம்தான் அடிக்கும், காலை ஆறிலிருந்து பத்து வரை. வீட்டில் எல்லாரும் "எப்பவுமே அடிக்கறதில்லை" என்பார்கள். கால் லாக்கில் மட்டும் அந்த நான்கு மணி நேரம் வெளிச்சமாகத் தெரியும். 24 மணி நேரக் கணக்கில் நேரம் காட்டும்படி போனை வைத்துக்கொண்டால் இந்தப் பிசகு வராது, 22:00 என்பதைக் காலை என்று யாரும் நினைக்கப் போவதில்லை.

அட்டவணை சரியாக இருந்தும் போனின் கடிகாரம் தப்பாக இருந்தால் இதே விளைவுதான். நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் சுவிட்சை அணைத்துவிட்டு, கையால் வைக்கும்போது பகலை இரவாக வைத்துவிட்டால், பகல் முழுக்கப் போன் தூங்கும். Event என்ற அட்டவணை வேறு வகை. கடிகாரத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்க்கும். காலண்டரில் பதிந்திருக்கும் நிகழ்ச்சி நடக்கும் நேரம் முழுக்க மௌனம். கூட்டத்துக்கு நல்லது. ஆனால் மூன்று நாள் பயிற்சி வகுப்பு என்று ஒரே நிகழ்ச்சியாக, வேலையில் இருப்பதாகக் குறித்து வைத்தவருக்கு மூன்று நாளும் மணி அடிக்காமல் போகலாம். இதற்குக் கால் லாக்கில் ஒழுங்கான நேர வடிவம் கிடைக்காது. அந்த நாள்களைக் காலண்டரோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

Do Not Disturb பக்கத்தில் ஒன்றும் இல்லை என்றால் தேடல் முடிந்துவிடவில்லை. ஒரே போனில் மௌனத்துக்கு மூன்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. Settings உள்ளே Digital Wellbeing என்ற பகுதியில் Bedtime mode என்று ஒன்று இருக்கும். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி, கூடவே மணியையும் நிறுத்தும். அதற்குத் தனி நேரம், தனி நாள்கள். சாம்சங்கில் Modes and Routines என்று ஒரு பகுதி. அலுவலகத்துக்குள் நுழைந்தால் சத்தத்தை நிறுத்து, இந்த மணிக்கு நிறுத்து என்றெல்லாம் அங்கே சொல்லி வைக்கலாம். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்சும் சில சமயம் காரணம். வாட்ச்சின் மௌனம் போனுக்கும் தொற்றும்படி இணைத்திருந்தால், தூங்கும்போது வாட்ச்சில் போட்டது போனையும் அடக்கிவிடும். தொழுகை நேரத்தில் போனைத் தானே அமைதியாக்கும் ஆப்கள் இருக்கின்றன. அந்த நேரம் முடிந்ததும் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய ஆப்பை, பேட்டரி மிச்சப்படுத்துகிறேன் என்று போன் நடுவில் நிறுத்திவிட்டால் மௌனம் நீண்டுவிடலாம். எந்தெந்த ஆப்புக்கு மணியை அடக்கும் உரிமை கொடுத்திருக்கிறோம் என்பது, Settings தேடலில் Do Not Disturb access என்று தட்டினால் ஒரே பட்டியலாக வரும். அடையாளம் தெரியாத ஆப் அதில் இருந்தால் அந்த உரிமையை எடுத்துவிடுவது நல்லது.

எந்த வாசல் என்று அறிய, அடிக்காத நேரத்தில் திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் கோடு தெரிந்தால் Do Not Disturb. கோடு போட்ட மணியோ ஸ்பீக்கரோ தெரிந்தால் ரிங் சத்தமே சைலன்ட்டுக்குப் போயிருக்கிறது, அதைச் செய்தது ஒரு ரொட்டீனாகவோ ஆப்பாகவோ இருக்கலாம். ஐபோனில் பிறை நிலா என்றால் Do Not Disturb, கட்டில் படம் என்றால் Sleep. இன்னொரு நல்ல அடையாளம் அலாரம். தொந்தரவு செய்யாதே நிலையில் அலாரத்தை வழக்கமாகப் போன் அடிக்க விடும். அலாரம் கணீரென்று அடிக்கிறது, பாட்டு கேட்கிறது, அழைப்புக்கு மட்டும் வாய் திறக்கவில்லை என்றால் ஸ்பீக்கருக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

ஐபோனில் இவை எல்லாம் Settings உள்ளே Focus என்ற பெயரில் இருக்கின்றன. 2021இல் வந்த ஐ.ஓ.எஸ். 15 முதல் அப்படி. Do Not Disturb, Sleep, Driving, Work என்று பல வகை. ஒவ்வொன்றையும் திறந்து அதற்குக் கீழே அட்டவணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒரே ஆப்பிள் கணக்கில் ஐபேடும் ஐபோனும் இருந்தால் Share Across Devices என்ற சுவிட்சையும் பார்க்க வேண்டும். பேரன் ஐபேடில் போட்ட மௌனம் தாத்தாவின் ஐபோனுக்கு வருவது அந்த வழியாகத்தான். இவை தவிர, தொடர்பு பட்டியலில் இல்லாத எண்களை மட்டும் அடக்கும் தனி வசதியும் ஐபோனில் இருக்கிறது. தெரிந்தவர் கூப்பிட்டால் அடிக்கிறது, புது எண் என்றால் இல்லை என்றால் அங்கே பாருங்கள்.

அட்டவணையைச் சரியாகப் போட்டும் போனே தவறு செய்யுமா? செய்திருக்கிறது. ஐபோனில் தொந்தரவு செய்யாதே வசதி 2012இல் வந்தது. 2013 ஜனவரி 1 அன்று, இரவில் தானாகத் தொடங்கிய மௌனம் காலையில் முடியவேண்டிய நேரத்தில் முடியவில்லை. உலகம் முழுக்கப் பலருடைய போன்கள் புத்தாண்டு நாளில் அடிக்காமல் கிடந்தன. ஜனவரி 7க்குப் பிறகு அட்டவணை தானாகச் சரியாகிவிடும், அதுவரை கையால் போட்டு எடுங்கள் என்று ஆப்பிள் அறிவித்தது. அப்படியேதான் ஆனது. இது அபூர்வம். நம் கைக்கு வரும் பெரும்பாலான கேஸ்களில் போன் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கும், சொன்னது யார் என்பதுதான் மறந்துபோயிருக்கும்.

கால் லாக்கில் எந்த நேர வடிவமும் இல்லை, அட்டவணைகளும் சுத்தம், ஆனாலும் ஒரு அழைப்புகூட அடிக்கவில்லை என்றால் மூன்றை மட்டும் பாருங்கள். ரிங் சத்தமும் பாட்டுச் சத்தமும் வேறு வேறு. பக்கவாட்டுப் பட்டன் பல போன்களில் பாட்டுச் சத்தத்தைத்தான் கூட்டும், ரிங் பூஜ்யத்திலேயே கிடக்கும். பக்கத்து அறையில் கிடக்கும் ப்ளூடூத் இயர்போன் இணைந்திருந்தால் சத்தம் அதற்குள் போய்விடலாம். ரிங்டோனாக வைத்த பாட்டு மெமரி கார்டில் இருந்து, கார்டை எடுத்துவிட்டாலும் சில போன்கள் ஊமையாகிவிடும். போனோடு வந்த ரிங்டோன் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த மூன்றும் இல்லை என்றால் கடைக்குப் போகலாம்.

இரவில் நிம்மதியாகத் தூங்குவதற்கு அட்டவணை வேண்டும்தான். குழாய் வேலை அண்ணனுக்கும் பிறகு ஒன்று போட்டுக் கொடுத்தோம், இரவு 22:30 முதல் காலை 5:00 வரை, எல்லா நாளும். அழைப்புகளில் Starred contacts மட்டும் அடிக்கலாம் என்று வைத்து, அண்ணி, மகள், அக்கா மூவர் பெயருக்கும் தொடர்பு பட்டியலில் நட்சத்திரம் போட்டோம். இரண்டாம் முறை கூப்பிட்டால் அடிக்கும் சலுகையை எடுக்கவில்லை, இரவில் பைப் வெடித்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர் இரண்டு முறை கூப்பிடுவார். அக்கா மகன் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது தன் இன்னொரு பழைய போனைத் தங்கைக்குக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் செய்தான்.